மேல் தட்டு சூடேறாத சாண்ட்விச் மேக்கரும் கீலுக்குள் அறுந்த கம்பியும்

சென்ற ஆடி மாதம் திருநகரில் இருக்கும் அக்கா வீட்டிற்குப் போயிருந்தபோது, சமையலறைப் பரணில் தூக்கி வைத்திருந்த சாண்ட்விச் மேக்கரை அக்கா எடுத்துக் கொடுத்தார். ஏழு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பள்ளி டிபனுக்கு உழைத்த கருவி அது. இரண்டு மாதங்களாக ரொட்டியின் கீழ்ப்பக்கம் நன்றாகச் சிவந்து வருவதாகவும், மேல்பக்கம் மட்டும் வெந்தும் வேகாமலும் வெளுத்தே இருப்பதாகவும் சொன்னார். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டியதற்கு, அதைத் திறந்தே பார்க்காமல், "எலிமென்ட் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்களாம். "மூடியை ஒரு மாதிரி அழுத்திப் பிடிச்சா சில நாள் மேலயும் செவக்குது தம்பி" என்று அக்கா போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் என்னை அன்று மாலையே அதைக் கையில் எடுக்க வைத்தது. எலிமென்ட் உண்மையில் எரிந்து அறுந்திருந்தால், மூடியை எப்படி அழுத்தினாலும் அது திரும்ப உயிர்பெறாது. அழுத்தினால் வேலை செய்கிறது என்றால், எங்கோ ஒரு கம்பி அறுந்த நிலையிலும் நுனிகள் தொட்டும் விலகியும் கொண்டிருக்கின்றன என்று பொருள். பஞ்சாலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், இத்தகைய பழுதை எங்கே தேடவேண்டும் என்பது எனக்கு ஓரளவு பழக்கம். செய்தவற்றை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் உறுதிசெய்ய வேண்டியது, மேல் தட்டு சூடாகவில்லையா, அல்லது சூடாகியும் ரொட்டியைத் தொடவில்லையா என்பது. இரண்டுக்கும் விளைவு ஒன்றே: மேல்பக்கம் வெளுத்திருக்கும். இந்தக் கருவிகளின் கீல், கதவுக் கீல் போல ஒரே இடத்தில் நிலையாக நிற்பதில்லை. ரொட்டியின் தடிமனுக்கேற்ப மூடி சற்று மேலெழுந்து சமமாகப் படியும்படி, கீல் ஊசி உட்காரும் துளையைச் சிறிது நீளமாக வைத்திருப்பார்கள். அந்தத் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகிவிட்டாலோ, காது ஒன்று உடைந்துவிட்டாலோ, மூடி பின்பக்கம் மட்டும் அழுந்தி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ரொட்டியின் ஒரு பகுதி சிவந்தும் மறு பகுதி வெளுத்தும் வரும். அக்கா வீட்டுக் கருவியில் மேல்பக்கம் முழுவதுமே ஒரே சீராக வெளுத்திருந்தது. அதுவே பழுது கீலின் பிடிமானத்தில் இல்லை என்பதற்கு முதல் அடையாளம்.

ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். இந்தச் சோதனையை மூடியைத் திறந்து வைத்துத்தான் செய்யவேண்டும். மூடி வைத்தால் கீழ்த் தட்டின் வெப்பம் மேலேறி, செத்துப்போன மேல் தட்டையும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட வைத்துவிடும். தொட்டுப் பார்க்கிறவர் இரண்டும் வேலை செய்வதாக நினைத்துக்கொள்வார். இரண்டு மாதங்கள் இந்தப் பழுதை வீட்டில் யாரும் சரியாக இனம் காணாததற்கும் அதுவே காரணம். மூடியை முழுவதும் விரித்து வைத்து மூன்று நிமிடம் மின்சாரம் கொடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகு, விரல் நுனியில் நீர் தொட்டு இரண்டு தட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டுத் தெளித்தேன். கீழே சொட்டு விழுந்ததும் சுரீரென்று பொரிந்து மறைந்தது. மேலே அது முத்துப் போல அப்படியே வழிந்து இறங்கியது. மேல் தட்டு சூடேறவே இல்லை என்பது முடிவானது. இதற்கிடையே சிவப்பு விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தக் கருவியில் விளக்குகள் கீழ்ப்பகுதியின் முன்விளிம்பில் இருக்கின்றன. கருவிக்குள் மின்சாரம் வருகிறதா என்பதை மட்டுமே சிவப்பு விளக்கு காட்டும், எந்தத் தட்டு சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் சூடாவது என்கிற ஒரே செய்தியிலிருந்து நிறைய விஷயங்களைத் திறக்காமலே விலக்கிவிட முடியும். ஒவ்வொரு அலுமினியத் தட்டின் முதுகிலும் வளைந்த குழாய் வடிவில் ஓர் எலிமென்ட் பதிந்திருக்கிறது. அந்தக் குழாயின் நடுவே நிக்ரோம் சுருளும், சுருளைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் வெள்ளைப் பொடியும் இருக்கும். சுவரிலிருந்து வரும் ஃபேஸ் கம்பி முதலில், சூடு அளவு மீறினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ் வழியாகவும், பின்னர் சூட்டை அளவோடு வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வழியாகவும் போய், அதன்பின் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கீழ் எலிமென்டுக்கும் மறு கிளை மேல் எலிமென்டுக்கும் செல்கிறது. நியூட்ரலும் அவ்வாறே இரண்டு கிளையாகிறது. கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்று மடையைக் கடந்தபின் இரண்டாகப் பிரிந்து இரண்டு வயல்களுக்குப் பாய்வது போன்றது இது. ஒரு வயல் நனைந்து மறு வயல் காய்ந்திருந்தால், கண்மாயையும் மடையையும் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. பிரிந்த இடத்திற்கு அப்பால், காய்ந்த வயலுக்குப் போகும் கிளையில்தான் அடைப்பு இருக்கவேண்டும். அதுபோல, கீழ்த் தட்டு சூடாகிறது என்றாலே பிளக், மின்கயிறு, தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட் ஆகிய நான்கும் நன்றாக இருக்கின்றன. எஞ்சியவை மேல் எலிமென்டும், அதற்குச் செல்லும் கம்பிகளும், அவற்றின் இணைப்புகளும் மட்டுமே. இரண்டு எலிமென்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்த கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்று அறுந்தால் இரண்டும் சேர்ந்தே அணைந்துவிடும். சில கருவிகளில் தட்டுக்கு ஒன்றாக இரண்டு தெர்மல் ஃபியூஸ்கள் இருக்கும், அங்கே செத்த தட்டின் ஃபியூஸையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

அடுத்ததாக, ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றாமல் செய்த அளவீடு. இந்தப் பழுதை நாடிப் பிடித்துப் பார்ப்பது என்றால் இதைத்தான் சொல்வேன். கருவியின் அடியில் 230 வோல்ட், 750 வாட் என்று அச்சிட்டிருந்தது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 70 கிடைக்கும். இரண்டு எலிமென்டுகளும் நலமாக இருந்தால், பிளக்கின் இரண்டு சிறிய முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் சுமார் 70 ஓம் மின்தடை காட்டவேண்டும். ஒவ்வொரு தட்டும் பாதி, அதாவது 375 வாட், எடுப்பதால் ஒரு தட்டு மட்டும் இணைப்பில் இருந்தால் அதன் இரு மடங்காகச் சுமார் 140 ஓம் காட்டும். இரண்டுமே துண்டித்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. நிக்ரோமின் மின்தடை சூட்டில் சிறிதளவே மாறும் என்பதால், குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு பெரிதாகத் தவறாது. சிவப்பு நியான் விளக்கு மீட்டரின் சிறிய மின்னழுத்தத்தில் கடத்தாது, ஆகையால் அதுவும் இந்த அளவைக் கெடுப்பதில்லை. கருவி நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சூட்டில் தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாமல் நம்மைக் குழப்பிவிடும்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூடியை மூடிய நிலையில் அளந்தேன். மீட்டர் 143 ஓம் காட்டியது. ஒரு தட்டுதான் இணைப்பில் இருக்கிறது. அதன்பின் அக்காவை மீட்டரின் முனைகளைப் பிளக்கில் அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூடியை விரற்கடை விரற்கடையாக உயர்த்தினேன். கால் பங்கு திறக்கும் வரை 143 அப்படியே நின்றது. அதற்குச் சற்று மேலே போனதும் எண் ஒரு கணம் தள்ளாடி 72-க்கு இறங்கியது. இன்னும் உயர்த்தினால் மீண்டும் 143. திரும்ப இறக்கும்போதும் அதே கோணத்தில் அதே தள்ளாட்டம். 72 என்பது இரண்டு எலிமென்டுகளும் சேர்ந்து காட்டும் எண். மேல் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது, கீலைத் தாண்டிப் போகும் கம்பிதான் அறுந்திருக்கிறது என்பது கருவியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. மூடியை எப்படி அசைத்தும் 143 மாறாமல் நின்றிருந்தால் எலிமென்ட், அதன் முனை இணைப்பு, முழுவதுமாக அறுந்து விலகிப்போன கம்பி என்று மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கவேண்டும்.

இதே மீட்டரைக் கொண்டு இன்னொன்றையும் பார்த்தேன். மூன்றாவது, பெரிய முனையான எர்த்துக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்பது அது. தட்டின் மேல் இருக்கும் ஒட்டாப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சின் மேல் முனையை வைத்துவிட்டு எர்த் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையிலோ, பூச்சு உரிந்த விளிம்பிலோ வைக்கவேண்டும். கீழ்த் தட்டுக்கு 0.3 ஓம் வந்தது, நல்லது. மேல் தட்டுக்கு மூடியை அசைக்க அசைக்கத் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. இதைப் பார்த்ததும் எனக்கு மனம் பதைத்தது. கருவியின் உடல் பேக்கலைட்டால் ஆனது, கீலும் அதனாலேயே ஆனது. மேல் தட்டுக்கு எர்த் போவதற்கு அந்த ஒற்றைக் கம்பியைத் தவிர வேறு வழி கிடையாது. அதுவும் அறுந்துகொண்டிருந்தது. "இனி இதைச் சரிசெய்து முடிக்கும் வரை யாரும் பிளக்கில் சொருகக் கூடாது" என்று அக்காவிடம் சொல்லி, அன்றே கருவியை என் வீட்டிற்கு எடுத்து வந்துவிட்டேன்.

திறப்பதில் ஒரே சிரமம், அடியில் இருந்த ஸ்க்ரூக்களில் இரண்டு முக்கோணத் தலை கொண்டவை. அவற்றுக்கு உரிய நுனி இல்லாமல் தட்டையான முனை கொண்ட ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தலை மழுங்கிவிடும். கீழ்ப்பகுதியைத் திறந்ததும் கம்பிகள் எந்த நிறம் எங்கே போகிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். பிறகு மூடியின் மேலுறையையும் கழற்றினேன். கீல் வழியாக மூன்று கம்பிகள் கடந்தன: தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வரும் ஃபேஸ், நியூட்ரல், எர்த். மூன்றையும் ஒரே கண்ணாடி நார் ஸ்லீவுக்குள் நுழைத்து, கீலுக்கு இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்லீவுக்கு வெளியே பார்த்தால் எந்தப் பழுதும் கண்ணில் படவில்லை. ஸ்லீவைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு கம்பியையும் இரு விரல்களுக்கிடையே வைத்து மெதுவாக மடக்கிக்கொண்டே போனபோது, நியூட்ரல் கம்பி ஓரிடத்தில் மட்டும் உள்ளே எலும்பு இல்லாதது போலத் தொய்ந்தது. மெல்ல இழுத்ததும் அந்த இடத்தில் மேலுறை மட்டும் நீண்டு கொடுத்தது. உறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளிருந்த செம்பு இழைகள் அனைத்தும் அறுந்து, நுனிகள் கறுத்திருந்தன. தொட்டும் விலகியும் மின்பொறி பறந்ததன் கறுப்பு அது. எர்த் கம்பியிலும் அதே நேர்கோட்டில் பெரும்பாலான இழைகள் அறுந்து, எஞ்சியவை ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. ஃபேஸ் கம்பியில் மூன்று இழைகள் போயிருந்தன.

ஏன் மூன்றும் ஒரே இடத்தில் அறுந்தன என்பது முக்கியமானது, ஏனென்றால் அதை மாற்றாமல் புதுக் கம்பி போட்டால் அதுவும் அதே கதிதான் அடையும். ஏழு ஆண்டுகளில் நாளொன்றுக்கு நான்கு முறை மூடியைத் திறந்து மூடியதாக வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் முறைக்கு மேல் கம்பி மடங்கியிருக்கிறது. கம்பி தளர்வாக இருந்திருந்தால் அந்த மடிப்பு நான்கு விரற்கடை நீளத்தில் பகிர்ந்து விழுந்திருக்கும். எந்த இடமும் அதிகமாக வளைந்திருக்காது. இரு பக்கமும் இறுக்கிக் கட்டியதால் முழு மடிப்பும் அரிசி மணி அளவு இடத்தில் விழுந்தது. ஒரு கம்பியைக் கையால் உடைக்க நாம் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மடக்குவோமே, கீல் செய்ததும் அதையேதான்.

அறுந்தது நியூட்ரல் என்பதையும் கவனிக்கவேண்டும். ஃபேஸ் அறுந்திருந்தால் மேல் தட்டுக்கு மின்சாரமே போயிருக்காது. நியூட்ரல் அறுந்ததால், ஃபேஸ் வழியாக வந்த மின்சாரம் மேல் எலிமென்டுக்குள் முழுவதும் நுழைந்து, வெளியேற வழியில்லாமல், அறுந்த நுனி வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. மின்னோட்டம் இல்லாததால் சூடு இல்லை. ஆனால் 230 வோல்ட் அங்கே இருந்தது. அறுந்த இழை ஒன்று உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்து உலோகத் தட்டைத் தொட்டிருந்தால், எர்த்தும் இல்லாத நிலையில், மூடியைத் திறந்து ரொட்டியை எடுக்கிற கைக்கு அந்த மின்னழுத்தம் கிடைத்திருக்கும். குளிர்ந்திருக்கிற தட்டில் மின்சாரம் இல்லை என்று எண்ணுவது இந்தக் கருவியில் மிகத் தவறான எண்ணம். ஒரு பக்கம்தானே வேலை செய்யவில்லை, ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நான் அதைக் கடுமையாக எதிர்ப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

கம்பியை மாற்றுவதற்கு முன் மேல் எலிமென்டின் இரண்டு முனைகளுக்கு நேரடியாக மீட்டரை வைத்தேன்: 144 ஓம். கீழ் எலிமென்ட் 143 காட்டியிருந்தது, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல. எலிமென்ட் முனைக்கும் தட்டின் உலோகத்துக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டவில்லை, அப்படித்தான் இருக்கவேண்டும். எலிமென்டே அறுந்திருந்தால் என் வேலை அங்கேயே நின்றிருக்கும். அது தட்டோடு பதிந்தது, தனியாகக் கழற்றி மாட்ட முடியாது. தட்டோடு சேர்த்து உதிரிபாகம் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் கருவியை விட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். முதலில் வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரண பிவிசி வயரை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் உறை சாதாரணமாக 70 டிகிரி வரைக்குமே தாங்கக்கூடியது. தட்டோ 200 டிகிரியை நெருங்கும். சில நாட்களிலேயே உறை உருகி, கம்பி வெறுமையாகிவிடும். கண்ணாடி நார்ப் பின்னல் போட்ட சிலிக்கான் வயர் வேண்டும் என்று கேட்டு, ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனில் ஒரு மீட்டர் வாங்கினேன். ஒரு தட்டு எடுக்கும் மின்னோட்டம் 1.6 ஆம்பியர் அளவுதான், அதற்கு இந்தப் பருமன் தாராளம். பருமனைவிட இழைகளின் நயம் முக்கியம். தடித்த சில இழைகள் கொண்ட வயரைவிட, மெல்லிய பல இழைகள் கொண்ட வயர் மடிப்பை வெகுநாள் தாங்கும். கடையிலேயே உறையைச் சிறிது சீவி இழைகளைப் பார்த்துத்தான் வாங்கினேன். கூடவே வயரின் நுனியில் பொருத்தும், சூடு தாங்கும் லக்குகளும், ஒரு துண்டு கண்ணாடி நார் ஸ்லீவும் வாங்கிக்கொண்டேன்.

அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கீலுக்குள் ஒட்டு வரக்கூடாது. ஒட்டுப் போட்ட இடம் விறைத்துப் போய், அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும். மூன்று கம்பிகளையும், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, இடையில் ஒட்டே இல்லாமல் புதிதாகப் போட்டேன். எலிமென்ட் முனைகளில் ஈயப் பற்றவைப்பையும் தவிர்த்தேன். சாதாரண ஈயம் 190 டிகிரியை ஒட்டி இளகிவிடும், தட்டின் சூடு அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. லக்கின் வாயில் இழைகளை முழுவதும் நுழைத்து, கிரிம்பிங் பிளையரால் அழுத்திப் பிடிக்க வைத்து, பிறகு வயரைப் பலமாக இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் நழுவுகிற லக், நாளை சூட்டில் தளர்ந்து தானே ஒரு புதிய பழுதாகும். எலிமென்ட் முனையில் ஏறும் லக் தளராமல் இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பார்த்தேன். பழைய முனைகளில் கறுப்பு ஏறியிருந்ததால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பிறகே மாட்டினேன்.

கீலைக் கடக்கும் இடத்தில் நான் செய்த மாற்றம்தான் இந்த வேலையில் எனக்கு மிக நிறைவு தந்தது. பழைய கம்பிகள் கீலுக்குக் குறுக்கே நேராகப் போயிருந்தன. மூடி அசையும்போதெல்லாம் அவை மடங்கின. புதிய கம்பிகளை, கீல் ஊசி போகும் திசையிலேயே இரண்டு அங்குலம் படுக்க வைத்து, அதன்பின் மேலே ஏற்றினேன். இப்போது மூடி அசைந்தால் கம்பி மடங்குவதில்லை, அந்த இரண்டு அங்குல நீளம் முழுவதும் சிறிதளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. முறுக்கம் நீளத்தில் பரவுவதால் எந்த ஓர் இழையும் அதிகம் வருந்தாது. பழைய கட்டுகளில் கீலுக்கு அருகில் இருந்ததை நீக்கிவிட்டு, தள்ளி ஓரிடத்தில் மட்டும் கட்டினேன். மூடியை முழுவதும் திறந்தும் மூடியும் பார்த்து, கம்பி எங்கும் இழுபடவில்லை, உறையின் விளிம்பில் உரசவில்லை, தட்டின் முதுகைத் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகே மேலுறையை மூடினேன்.

திறந்திருந்த சமயத்தில் தெர்மோஸ்டாட் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டேன். இந்தக் கருவியில் அது கீழ்த் தட்டின் முதுகில் இருந்தது. அதனால்தான் இரண்டு மாதமும் கீழ்த் தட்டு அளவோடு சூடேறி அணைந்து வந்தது. தெர்மோஸ்டாட் செத்த தட்டில் இருக்கும் கருவிகளில் நிலைமை வேறு. உயிருள்ள தட்டு எவ்வளவு சூடேறினாலும் குளிர்ந்த தட்டில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது உரிய நேரத்தில் தெரியாது; தட்டு அளவு மீறிச் சூடாகி, ரொட்டி கருகி, கடைசியில் தெர்மல் ஃபியூஸ் அறுந்து கருவி முழுவதும் நின்றுவிடும். முதலில் ஒரு பக்கம், சில நாள் கழித்து இரண்டு பக்கமும் போயிற்று என்று யாராவது சொன்னால் இந்த வரிசையைத்தான் நான் நினைப்பேன். அங்கே தெர்மல் ஃபியூஸை அதில் அச்சிட்டிருக்கும் அதே வெப்பநிலைக்கு உரியதாக மாற்றவேண்டும். வெறும் கம்பியால் இணைத்துவிடுவது தீயைக் கூப்பிடுவதற்குச் சமம்.

எழுந்து நிற்கும் பாப்-அப் டோஸ்டரில் இதே அறிகுறி வந்தால் இந்தக் கீல் கதை பொருந்தாது, ஏனென்றால் அதில் எலிமென்டுகள் அசைவதில்லை. அங்கே நிக்ரோம் பட்டை மைக்கா தகட்டின் மேல் திறந்தபடியே சுற்றியிருக்கும். பிளக்கை உருவிவிட்டு மேலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் அறுந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். பன் ரொட்டிக்கென்று வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் சூடேற்றும் பொத்தான் சிலவற்றில் உண்டு. அது அழுந்தியிருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

கருவியை மூடிய பிறகு, மின்சாரம் கொடுப்பதற்கு முன், முதல் நாள் செய்த அளவுகளை அதே வரிசையில் மறுபடி எடுத்தேன். பிளக் முனைகளில் 72 ஓம். மூடியை முப்பது முறை திறந்து மூடியும் எண் அசையவில்லை. எர்த் முனையிலிருந்து மேல் தட்டின் ஸ்க்ரூவுக்கு 0.4 ஓம், அதுவும் அசையவில்லை. மல்டிமீட்டர் ஒரு சில வோல்ட்டில்தான் அளப்பதால், காப்பு உறுதியை அதை மட்டும் கொண்டு முடிவு செய்ய நான் விரும்பவில்லை. காப்பைச் சோதிப்பதற்கென்றே என்னிடம் இருக்கும் மெகர் என்னும் மீட்டரில் 500 வோல்ட் வைத்து, இணைப்பு முனைகளுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தேன். 20 மெகா ஓமுக்கு மேலேயே நின்றது. மெகர் இல்லாதவர்கள், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டும் முதல் முறை போட்டுப் பார்ப்பது நல்லது. மின்கசிவு இருந்தால் அது உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு மூன்று முனைப் பலகையில் சொருகி, மூடியைத் திறந்து வைத்து மூன்று நிமிடம் சூடேற்றினேன். புதிய ஸ்லீவின் வாடை சிறிது வந்து அடங்கியது. பிளக்கை உருவி, மறுபடி இரண்டு சொட்டு நீர். இம்முறை இரண்டும் ஒன்றாகப் பொரிந்தன. உருளைக்கிழங்கு மசாலை வைத்து அக்கா போட்ட முதல் சாண்ட்விச் நான்கு நிமிடத்தில் இரு பக்கமும் ஒரே பொன்னிறத்தில் வந்தது.

ஐப்பசி முடிவில் மீண்டும் போனபோது மீட்டரையும் எடுத்துப் போயிருந்தேன். மூடி மூடிய நிலையில் 72, பாதி திறந்து 72, முழுவதும் திறந்து 72. மேல் தட்டின் எர்த் அதே 0.4. அளவுகளை ஒரு சிறு தாளில் எழுதி, சூடு படாத அடிப்பகுதியில், கயிறு சுற்றும் இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை யார் இதைத் திறந்தாலும், நல்ல நிலையில் எந்த எண் வரவேண்டும் என்பது அவர்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.